நீல டிக் விழுந்த பிறகு

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். கேலிக்கு ஆளான பிள்ளை தானாக வந்து என் முன்னால் உட்காருவது அபூர்வம். கேலி செய்தவன் வரவே மாட்டான், ஆசிரியர் கையைப் பிடித்து இழுத்து வந்தால்தான் உண்டு. தானாக வருகிறவர்கள் மூன்றாவது ஆட்கள். வகுப்பு வாட்ஸப் குரூப்பில் நடந்ததையெல்லாம் பார்த்தவர்கள், ஒரு எழுத்தும் எழுதாதவர்கள். அவர்களும் நேரே விஷயத்துக்கு வருவதில்லை. பரீட்சை பயம், தூக்கம் வரல, தலைவலி என்று எதையாவது பேசிவிட்டு, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள்: “மிஸ், குரூப்ல ஒருத்தன ரொம்ப ஓட்டுறாங்க. நான் ஏதாச்சும் சொல்லணுமா?”

அப்படிக் கேட்ட ஒரு பிளஸ் ஒன் மாணவியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பாம்பன் தீவில் ஒரு ஊர். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அவளிடம் சொந்தமாக போன் கிடையாது. அம்மாவின் போன் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கைக்கு வரும். வகுப்புக்கு இரண்டு குரூப். ஒன்றில் ஆசிரியர்கள் இருப்பார்கள்; வீட்டுப்பாடம், விடுமுறை அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து. இன்னொன்றைப் பையன்கள் ஆரம்பித்தார்கள், அதில் ஆசிரியர்கள் இல்லை. வகுப்பின் உண்மையான வாழ்க்கை அந்த இரண்டாவது குரூப்பில்தான். ஏறக்குறைய எல்லோரும் அதில் இருந்தார்கள், அந்தப் பையன் உட்பட.

அந்தப் பையனின் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். வெளியூர் வாசகருக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில், கடல் நன்றாக வற்றும் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி, பெண்கள் கூட்டமாகப் போய் மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கையால் பறித்து வருகிறார்கள். பாறை கையைக் கிழிக்கும் என்பதால் விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றிக்கொள்வார்கள். சேலைக்கு மேல் ஒரு சட்டை, முகத்தில் கண்ணாடி, இடுப்பில் பை. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்பவருக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. அவரும் இந்தப் பாசி எடுக்கும் பெண்களில் ஒருவர். வகுப்பில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நடந்தது நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

லீவு நாட்களில் அந்தப் பையனும் அம்மாவோடு போவான். ஒரு சனிக்கிழமை கரையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றவனை யாரோ படம் பிடித்துவிட்டார்கள். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, விரலெல்லாம் கந்தல் துணி. வகுப்பில் ஒருவன் அந்தப் படத்தைப் பின்னணி நீக்கி வெட்டி, கீழே ‘பாசி’ என்று எழுதி, ஸ்டிக்கராக்கினான். வாட்ஸப்பிலேயே அதற்கு வசதி இருக்கிறது, ஒரு நிமிட வேலை. அன்றிலிருந்து அந்தப் பையன் குரூப்பில் எதைக் கேட்டாலும் பதிலாக அந்த ஸ்டிக்கர் விழுந்தது. கணக்கில் சந்தேகம் கேட்டால் ஸ்டிக்கர். குட் நைட் சொன்னால் ஸ்டிக்கர். பிறகு அவன் எழுதுவதை நிறுத்தினான். அப்போதும், பேச்சு தொய்ந்து போகிற நேரத்திலெல்லாம் யாராவது அதைப் போட்டுவிடுவார்கள்.

போட்டோவைவிட ஸ்டிக்கர் மோசமானது என்பது என் அனுபவம். போட்டோவை அனுப்பியவன் நினைத்தால் சுமார் இரண்டரை நாளுக்குள் எல்லோருக்குமாக அழித்துவிடலாம். குரூப் அட்மினும் அழிக்கலாம். ஸ்டிக்கரை அப்படி அழித்தாலும், அதை ஏற்கனவே சேமித்துக்கொண்டவர்களின் போனில் அது இருக்கும், அடுத்த முறை விரல் நுனியில் தயாராக வந்து நிற்கும். அதோடு, கெட்ட வார்த்தை என்று எடுத்துக் காட்ட அதில் எதுவும் இல்லை. “சும்மா ஸ்டிக்கர் போட்டேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பெரியவர்கள் பலரும் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்வார்கள்.

அவள் போனை என்னிடம் நீட்டிக் காட்டியபோது நான் பார்த்தது ஸ்டிக்கரை அல்ல, அதன் கீழே இருந்தவற்றை. ஸ்டிக்கரைச் செய்தவன் ஒருவன். அவன் போட்டவுடன் வேறு ஸ்டிக்கர்களை அடுக்கும் கூட்டாளிகள் இரண்டு பேர். கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மீதி வகுப்பு மௌனம். பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-இல் பள்ளிக் கேலியை ஆராய்ந்தபோது இதே வரிசையைத்தான் கண்டார்: செய்பவன், துணை நிற்பவர்கள், சிரித்து ஊக்குவிப்பவர்கள், ஒதுங்கி நிற்பவர்கள், பாதிக்கப்பட்டவனுக்காக நிற்பவர்கள். பின்னால் அவரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வில், வகுப்பில் சிரிப்பவர்கள் கூடினால் கேலி கூடுகிறது, ஆதரவாக நிற்பவர்கள் கூடினால் குறைகிறது என்று தெரிந்தது. ஸ்டிக்கர் போட்டவனைத் திருத்துவதை நான் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். சிரித்த அந்தப் பன்னிரண்டு பேரில் நான்கு பேர் நிறுத்தினாலே அவனுக்குப் பாதி ருசி போய்விடும்.

மௌனமாக இருந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தாங்கள் பார்த்தது யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறார்கள். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் இன்னும் தைரியமாக நினைக்கிறார்கள். அந்த அமைப்பு தனி உரையாடலுக்கு மட்டும்தான் செல்லும், குரூப்பில் செல்லாது. அனுப்பியவன் தன் பதிவை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால், யார் யார் படித்தார்கள் என்ற பட்டியல் நேரத்தோடு வரும். முப்பது பேர் படித்திருக்கிறார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதம் என்றுதான் படிப்பான். பாதிக்கப்பட்ட பையனும் அப்படியேதான் நினைத்துக்கொள்வான்.

இதைச் சொன்னதும் அவள் முகம் சுண்டிவிட்டது. “அப்ப நான் பாத்ததும் அவனுக்குத் தெரியுமா மிஸ்?”

குரூப்பிலிருந்து வெளியே வந்துவிடலாமா என்று கேட்டாள். இப்போதெல்லாம் சத்தமில்லாமல் வெளியேறலாம், அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். ஆனால் கடந்த 60 நாட்களில் வெளியேறியவர்களின் பட்டியலை உறுப்பினர் யாரும் திறந்து பார்க்கலாம். அதைவிட முக்கியம், வெளியே போனால் அவளுக்கு நிம்மதி கிடைக்கும், பையனுக்கு ஒன்றும் மாறாது. உள்ளே நடப்பதைப் பார்க்கிற ஒரு நல்ல கண்ணும் போய்விடும். இருக்கச் சொன்னேன்.

அவள் ஏன் பேசவில்லை என்பதைக் கேட்டுக்கொள்ள நேரம் எடுத்தது. பயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக்கூடிய விஷயமல்ல அது. ஒரு பெண் ஒரு பையனுக்காகப் பரிந்து குரூப்பில் ஒரு வரி எழுதினால், அடுத்த வரி “ஒனக்கு ஏன் வலிக்குது?” என்றுதான் வரும். இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஒரு இதயப் படம் வரும். அது மறுநாள் தெருவுக்கு வரும், மறுவாரம் அண்ணன் காதுக்குப் போகும். அண்ணன் வீட்டில் சொன்னால் போன் போகும், சில வீடுகளில் படிப்பும் போகும். இதை அவள் கற்பனை செய்யவில்லை. போன வருடம் வேறொரு பெண்ணுக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். தட்டிக் கேள், தைரியமாகப் பேசு என்று மேடையில் சொல்கிற எங்களைப் போன்றவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

அதனால் பேசலாமா கூடாதா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பையனிடம் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். யாரும் இல்லை. குரூப்புக்கு வெளியே, தனியாக, ஒருவர்கூட இல்லை.

முதல் வேலை அதுதான் என்று முடிவானது. என்ன எழுதுவது என்று நீண்ட நேரம் யோசித்தாள். அனுதாபம் தெரியக்கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டாலும் யாரும் தப்பாகப் படிக்க முடியாதபடி இருக்க வேண்டும். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: “அந்த ஸ்டிக்கர் எனக்குப் புடிக்கல. நெறைய பேருக்குப் புடிக்கல. ஸ்கூல்ல சொல்லவா?” மறுநாள் காலையில் பதில் வந்தது: “வேணாம். அம்மாவ கூப்டுவாங்க.”

அந்தப் பதிலில் ஒரு முழுக் குடும்பத்தின் நிலைமை இருந்தது. பள்ளியில் புகார் என்றால் பெற்றோரை வரச் சொல்வார்கள். கடல் வற்றும் நாளில் அம்மா பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. வந்த அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டுவார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியாது. அப்புறம் எந்த ஆசிரியரும் சொல்லக்கூடிய தீர்வு, “போனைத் தொடாம இருடா” என்பது. அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். படகு பிடிபட்டதா, எல்லோரும் கரை சேர்ந்தார்களா என்ற செய்தி வீட்டில் இருக்கிற ஒரே போனில்தான் வரும். இலங்கைக் கடற்படை கைது செய்த தகவல் வராத மாதம் அரிதாக இருக்கிற கரையில், போனை அணைத்து வை என்பது யோசனையே அல்ல.

பள்ளியில் சொல்ல வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். அதற்காக எதையும் செய்யாமல் விட முடியாது, நாளை நிலைமை முற்றலாம். ஆதாரத்தை எடுத்து வைக்கச் சொன்னேன். இதைப் பிள்ளைகள் பெரும்பாலும் அரைகுறையாகச் செய்வார்கள். ஸ்டிக்கரை மட்டும் வெட்டி எடுத்து வைப்பார்கள், அது எதற்கும் உதவாது. குரூப் பெயர், தேதி, நேரம், மேலும் கீழும் இருக்கிற பேச்சு எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். திரையில் நாம் பதிந்து வைத்த பெயர்தான் வரும் என்பதால், அந்தப் பெயரைத் தொட்டு எண் தெரியும் பக்கத்தையும் படம் எடுக்க வேண்டும். குரூப்பில் தானாக மறையும் செய்தி வசதியைப் போட்டிருந்தால் ஒரு நாளிலோ, ஒரு வாரத்திலோ எல்லாம் போய்விடும், ஆகவே தள்ளிப்போடக் கூடாது. எடுத்ததை வேறு எங்கும் அனுப்பக்கூடாது, தோழிக்குக்கூட.

ஒரே ஒரு விஷயத்தில் இந்த விதி தலைகீழ். குரூப்பில் வந்தது பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் ஆடையில்லாத படம் அல்லது பாலியல் காட்சி என்றால், ஸ்கிரீன்ஷாட்டே எடுக்கக் கூடாது. வைத்திருப்பதே குற்றமாகலாம், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து, இதை அழுத்தமாகச் சொன்னது. அப்போது போனோடு நேராக ஒரு பெரியவரிடம் போய்விட வேண்டும். போக்சோ சட்டப்படி தெரிந்தும் தெரிவிக்காத பெரியவருக்குத் தண்டனை உண்டு. பிள்ளைகளுக்கு அந்தத் தண்டனை கிடையாது. இவ்வளவு நாள் சொல்லாமல் விட்டதற்கு என்னையும் பிடிப்பார்களோ என்று ஒளிகிற பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

“எல்லாத்தையும் இன்ஸ்டால போட்டுரட்டா மிஸ்?” என்றும் அவள் கேட்டாள். கோபத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற யோசனை. 2020 மே மாதம் டெல்லியில் ‘பாய்ஸ் லாக்கர் ரூம்’ என்ற இன்ஸ்டாகிராம் குரூப்பின் ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சில பெண்கள் வெளியே போட்டபோதுதான், பள்ளி மாணவர்கள் சக மாணவிகளின் படங்களை வைத்துப் பேசிய பேச்சு நாட்டுக்கே தெரிந்தது, போலீஸ் வந்தது. பேசியதால் நடந்த நல்லது அது. ஆனால் அதோடு சேர்ந்து ஊரெல்லாம் சுற்றிய இன்னொரு ஸ்கிரீன்ஷாட், பலாத்காரம் பற்றிய ஸ்னாப்சாட் பேச்சு, அந்தக் குரூப்பைச் சேர்ந்ததே அல்ல என்று போலீஸ் விசாரணையில் தெரிந்தது. ஒரு பெண்ணே ஆண் பெயரில் எழுதியது அது. வெளியே போட்ட படம் எதோடு ஒட்டிக்கொள்ளும், யார் பெயரில் சுற்றும் என்பது போட்டவர் கையில் இல்லை. எங்கள் விஷயத்தில் இன்னும் எளிய காரணம் ஒன்று இருந்தது. அந்த ஸ்டிக்கரை வெளியே போட்டால் அவனை அறியாதவர்களும் அவனைப் ‘பாசி’யாகப் பார்ப்பார்கள்.

பிறகு நாங்கள் யோசித்தது யார் பேசுவது என்பதை. ஸ்டிக்கர் செய்தவன் யார் பேச்சைக் கேட்பான்? அவள் சித்தப்பா மகன் அதே வகுப்பு. சாயங்காலம் அவனோடு வாலிபால் ஆடுகிறவன். சிரிக்கும் முகம் தட்டிய பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவன் என்பதை அவள் தயங்கித்தான் சொன்னாள். எனக்கு அது சாதகமாகவே பட்டது. ஒதுங்கி நின்ற நல்ல பையன் சொன்னால் உபதேசமாகிவிடும்.

வீட்டில் வைத்து அவள் அவனிடம் பேசினாள். “அவங்க வீட்லயும் ஒரே போன்தான்டா. அவங்க அம்மா பாத்தா?” என்று கேட்டிருக்கிறாள். அவன் அதை யோசித்ததே இல்லை. அன்று ராத்திரி குரூப்பில் அல்லாமல் தனியாக ஸ்டிக்கர் செய்தவனுக்கு எழுதினான்: “மாப்ள, அந்த ஸ்டிக்கர் வேணாம்டா. அவன் அம்மா போன்டா அது.” பதில்: “காமெடிக்குடா.” அவ்வளவுதான், மன்னிப்பெல்லாம் இல்லை. ஆனால் அதன் பிறகு அவன் போடவில்லை.

கூட்டாளி ஒருவன் போட்டான், இரண்டு நாள் கழித்து. இதற்குத் தயாராக இருங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். கனடாவில் ஹாக்கின்ஸ், பெப்ளர், கிரெய்க் என்ற மூவர் பள்ளி மைதானங்களைக் கேமராவில் பதிவு செய்து 2001-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பெரும்பாலான கேலிச் சம்பவங்களில் சக பிள்ளைகள் பக்கத்திலேயே நின்றார்கள், தலையிட்டதோ 19 சதவீதத்தில்தான். ஆனால் தலையிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் கேலி பத்து விநாடிக்குள் நின்றுபோனது. குரூப்பில் பத்து விநாடிக் கணக்கு செல்லாது என்றாலும், முதல் இரண்டு மூன்று சிரிப்பு விழுவதற்குள் வருகிற வரிக்கு இருக்கிற பலம், இருபது சிரிப்புக்குப் பின் வருகிற பத்திக்கு இருக்காது.

சித்தப்பா மகன் எழுதினான்: “டேய் பழசாயிருச்சுடா. வேற போடு.” அடுத்த நிமிடமே அவள்: “நாளைக்கு பிசிக்ஸ் ரெக்கார்டுல எத்தன எக்ஸ்பெரிமென்ட் முடிச்சிருக்கணும்?” அவள் தோழி ஒருத்தி உடனே அதற்குப் பதில் எழுதினாள். ரெக்கார்டு விஷயத்தில் எல்லோருக்கும் பயம் இருந்ததால் பேச்சு அந்தப் பக்கம் ஓடிவிட்டது. “இது தப்பு” என்று யாரும் எழுதவில்லை. பழசாகிவிட்டது என்பதில் நியாயமோ தர்மமோ இல்லை, எதிர்த்துப் பேசவும் அதில் ஒன்றும் இல்லை. பதினாறு வயதில் கெட்டவன் என்று பெயர் வாங்குவதைப் பொறுத்துக்கொள்வார்கள், மொக்கை என்று பெயர் வாங்குவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதில் அட்மின் பையன் தனியாகப் பயந்துபோய்விட்டான். எப்படியோ பேச்சு அவன் காதுக்குப் போயிருக்கிறது. அட்மினை ஜெயிலில் போடுவார்களாமே, குரூப்பையே கலைத்துவிடட்டுமா என்று அவள் மூலமாகக் கேட்டுவிட்டான். கரூர் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றைப் பற்றிய வழக்கில், 2021 டிசம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்னது, வெறும் அட்மினாக மட்டும் இருந்தவர் மீது உறுப்பினர் போட்டதற்காக வழக்கு நிற்காது என்பதுதான். அவனுக்குச் சொல்லி அனுப்பியதும் அதுவே. கூடவே, கலைக்காதே, ஆனால் அந்த ஸ்டிக்கர் இனி வந்தால் உன் அட்மின் உரிமையில் அழி, யாரையும் திட்டாதே என்றும் சொன்னேன். இரண்டு முறை அழித்ததாகக் கேள்விப்பட்டேன்.

இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஸ்டிக்கரில் ‘பாசி’க்குப் பதில் சாதிப் பெயர் இருந்திருந்தால் நான் வேறு மாதிரிதான் நடந்திருப்பேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்கள் தொல்லை கொடுத்ததைப் பள்ளியில் சொன்ன தலித் மாணவனை, அதே மாணவர்கள் அன்று இரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். நீதியரசர் சந்துரு குழு அமைக்கப்பட்டதும், 2024 ஜூனில் அறிக்கை வந்ததும் அதற்குப் பிறகுதான். எங்கள் மாவட்டத்திலும் கைக்கயிற்று நிறத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே வேடிக்கை பார்த்த பிள்ளையைக் குரூப்பில் ஒரு வரிகூட எழுத விடமாட்டேன், உறவுக்காரனைத் தூதும் அனுப்பமாட்டேன். சொன்னது யார் என்று வெளியே தெரியாமல், தலைமை ஆசிரியருக்கும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அன்றைக்கே தெரிய வேண்டும், பாதிக்கப்பட்டவனின் வீட்டுக்குப் பெரியவர்கள் யாராவது அன்று மாலையே போக வேண்டும். மிரட்டலுக்கும், செத்துப்போகிறேன் என்று எழுதியவனுக்கும் இதேதான். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் பேசலாம். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. அதை எப்போது திறப்பார்கள் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், ஆகவே அவசரத்துக்கு அதை நம்ப முடியாது.

அந்தப் பையன் சில வாரம் கழித்து குரூப்பில் மறுபடி எழுத ஆரம்பித்தான். முதலில் ஒரு கணக்குச் சந்தேகம். வழக்கமான பதில் வரவில்லை, விடையும் வரவில்லை. பிறகு யாரோ விடை போட்டார்கள். என்னிடம் அவன் கடைசி வரை வரவில்லை. அவளுக்கு மட்டும் தனியாக ஒரு “தேங்க்ஸ்” அனுப்பியிருக்கிறான். அதை உடனே அழித்துவிட்டதாகச் சொன்னாள், அண்ணன் போனைப் பார்ப்பானாம்.

ஸ்டிக்கர் இன்னும் பல போன்களில் இருக்கிறது. பையன்கள் மட்டும் இருக்கிற மூன்றாவது குரூப் ஒன்றைப் பிறகு ஆரம்பித்திருக்கிறார்கள். சித்தப்பா மகன் அதில் இருக்கிறான், கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறான். பாசி எடுப்பவரின் மகனை அதில் சேர்க்கவில்லை.